தொலைவிலிருந்து பார்க்கும்போது கமராப் படம் உறைகிறதா? பதிவேற்ற வேகத்தை அளந்து பிட்ரேட்டைப் பொருத்தும் முறை

கடையிலோ வீட்டிலோ பொருத்திய கமராக்களை வெளியிலிருந்து கைப்பேசியில் பார்க்கும்போது, படங்கள் கடையின் இணைய இணைப்பு வழியாக வெளியே அனுப்பப்படுகின்றன. ஆகவே, பக்கேஜின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் பதிவிறக்க வேகத்துக்கும் இந்தப் படங்களுக்கும் தொடர்பு இல்லை. அதைவிடப் பெரும்பாலும் சிறியதான பதிவேற்ற வேகமே இங்கே கணக்கில் வருகிறது. கமராவிலிருந்து பதிவுக் கருவிக்குப் போகும் படம் கடைக்குள்ளேயே கம்பியில் ஓடுவதால், இருபத்து நான்கு மணி நேரமும் பதிவு நடந்தாலும் இணையத்தில் ஒரு பிட்டும் செலவாவதில்லை. யாராவது வெளியிலிருந்து பார்க்கத் தொடங்கும் கணத்திலிருந்தே செலவு தொடங்குகிறது. ஒருவர் பார்த்தால் ஒரு பங்கு, இருவர் பார்த்தால் இரு பங்கு. ஒரே படத்தை இருவரும் பகிர்ந்துகொள்வதில்லை.

கீழே விளக்கும் நிலைமை, புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் நான் சரிசெய்தது. பழைய மூன்று மாடிக் கட்டடம். ஃபைபர் இன்னும் மேலே இழுக்கப்படாததால் 4ஜி ரவுட்டரில் ஓடும் இணைப்பு. பதிவுக் கருவியுடன் ஆறு கமராக்கள். முதலாளி வெள்ளவத்தையில் வீட்டிலிருந்து பார்ப்பார். அவருடைய தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து பார்ப்பார். "தம்பி, பகலில ஒழுங்கா ஓடுது, இரவு ஏழு மணிக்கு ஆறு கட்டமும் சுத்திக்கொண்டே நிக்குது" என்பதே முதலாளியின் முறைப்பாடு.

முதலில் பார்க்க வேண்டியது: படம் உறைவது உள்ளேயா, வெளியே மட்டுமா

பதிவுக் கருவியுடன் இணைத்த திரையில் அதே நேரத்தில் ஆறு கமராக்களையும் பாருங்கள். அங்கேயும் படம் விட்டு விட்டு வந்தால், கோளாறு கமராவிலோ, அதன் கேபிளிலோ, இடையிலுள்ள சுவிட்ச்சிலோ இருக்கிறது. கமரா வினாடிக்கு அனுப்பும் பிட்டுகளின் அளவான பிட்ரேட்டைக் குறைத்து அதை மறைக்க முயல்வது வீண். திரையில் சீராக ஓடி, வெளியிலிருந்து பார்க்கும்போது மட்டும் உறைந்தால், பதிவேற்றப் பக்கத்தைச் சந்தேகிக்கலாம். புறக்கோட்டைக் கடையில் திரையில் படம் குறையின்றி ஓடியது.

அறிகுறி: ஆறு கட்டங்களையும் ஒன்றாகத் திறந்தால் படம் உறைகிறது, ஒரு கமராவை மட்டும் திறந்தால் ஓடுகிறது

இதுவே மிகப் பரவலான அறிகுறி. இரண்டு எண்களை அறிந்தால் காரணம் தெளிவாகும்: இணைப்பு உண்மையில் தரும் பதிவேற்ற வேகம் ஒன்று, கமராக்கள் கேட்கும் வேகம் மற்றொன்று.

முதலாவதை அளக்க, எவரும் கமராவைப் பார்க்காத நேரத்தில், கடையின் கணினியில் வேகச் சோதனை ஒன்றை ஓட்டி `Upload` என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை அளந்தால் போதாது. 4ஜி இணைப்பில் ஒரே கோபுரத்தைச் சுற்றுவட்டாரம் முழுவதும் பகிர்வதால், நண்பகலில் கிடைப்பது இரவில் கிடைக்காது. படம் உறைவதாக முறையிடும் அதே நேரத்தில் அளக்க வேண்டும். அந்தக் கடையில் நண்பகலில் வினாடிக்கு 5.2 மெகாபிட் வந்தது. இரவு ஏழு மணிக்கு 2.9 மெகாபிட்தான் வந்தது. திட்டமிடுவதற்கு 2.9 ஐயே எடுத்துக்கொண்டேன். அதிலும் முக்கால் பங்கையே, அதாவது ஏறத்தாழ 2.17 மெகாபிட்டையே, கமராக்களுக்கு ஒதுக்கினேன். மீதிக் கால் பங்கு கணக்கு மென்பொருளுக்கும் அட்டை இயந்திரத்துக்கும் கோபுரத்தின் ஏற்ற இறக்கத்துக்கும் தேவை.

இரண்டாவது எண்ணை அளக்கும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள். ஆறு கமராக்களையும் திறந்துவைத்து, ரவுட்டர் எவ்வளவு அனுப்புகிறது என்று பார்க்கிறார்கள். குழாய் ஏற்கெனவே நிரம்பிவிட்டால் அந்த எண் குழாயின் அளவைக் காட்டுமே தவிர, கமராக்கள் கேட்கும் அளவைக் காட்டாது. 2.9 மெகாபிட் இணைப்பில் கமராக்கள் 4 கேட்டாலும் 8 கேட்டாலும் ரவுட்டர் 2.9 என்றே சொல்லும். எனவே ஒரேயொரு கமராவை வெளியிலிருந்து திறந்து, குழாய் நிரம்பாத நிலையில் அளந்து, எண்ணிக்கையால் பெருக்குவதே சரியான வழி.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் அனுப்பிய பைட்டுகளின் கணக்கு இருக்கும். கடையின் மற்றக் கணினிகளை நிறுத்தி, வைஃபையை அணைத்த கைப்பேசியில் மொபைல் டேட்டாவினால் ஒரு கமராவைத் திறந்து, அந்த எண்ணைக் குறித்து, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு:

```
Kbps = (bytes_end - bytes_start) * 8 / seconds / 1000
```

இரவில் அளந்தபோது 300 வினாடிகளில் 23.6 மெகாபைட் போயிருந்தது. 23,600,000 ஐ 8 ஆல் பெருக்கி, 300 ஆலும் 1000 ஆலும் வகுத்தால் 629 கிலோபிட் வருகிறது. கமராவின் அமைப்பைத் திறந்து பார்த்தேன்: தொலைவிலிருந்து பார்ப்பதற்கென்று கமரா அனுப்பும் சிறிய படமான `Sub Stream` என்ற துணை ஓடையின் உச்ச பிட்ரேட் 512, ஒலிக்கு 64, மொத்தம் 576 கிலோபிட். மீதி, தரவை ஏற்றிச்செல்லும் பொட்டலங்களின் தலைப்புகள் எடுத்துக்கொள்ளும் மேலதிகச் செலவு. இங்கே அது 9 சதவீதம். அளந்ததும் அமைப்பும் ஒத்துப்போனதால், இனி ஒவ்வொரு தடவையும் அளக்காமல், அமைப்பிலுள்ள எண்களுடன் பத்திலொரு பங்கு சேர்த்துக் கணக்கிட்டால் போதும் என்று தெரிந்தது.

ஆறு கமராக்களுக்கு 629 ஐ ஆறால் பெருக்கினால் ஏறத்தாழ 3.8 மெகாபிட். இருப்பது 2.9. முதலாளி தனியாகப் பார்த்தாலே போதவில்லை. தம்பியும் சேர்ந்தால் 7.6 வேண்டும். ஒரு கமரா மட்டும் ஓடியதற்கும் ஆறும் உறைந்ததற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அறிகுறி: பகலில் ஓடுகிறது, இரவில் உறைகிறது

இதற்கு இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. கோபுரத்தின் நெரிசலை மேலே சொன்னேன். மற்றது கமராவுக்குள்ளேயே இருக்கிறது. `Bitrate Type` என்ற இடத்தில் `Variable` என்று இருந்தால், நீங்கள் கொடுத்த 512 என்பது ஒரு கூரை மட்டுமே. படத்தில் மாற்றம் குறைவாக இருந்தால் கமரா அதைவிடக் குறைவாகவே அனுப்பும். அதே கமராவை நண்பகலில் அளந்தபோது ஐந்து நிமிடத்தில் 11 மெகாபைட், அதாவது 293 கிலோபிட்தான் போயிருந்தது. இருட்டியதும் படத்தில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் தோன்றும். கமராவின் கணக்கில் அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஓர் அசைவு. ஆளில்லாத களஞ்சிய அறைகூட இரவில் கூரையைத் தொட்டுவிடும். வெளிக் கமராவாக இருந்தால், அகச்சிவப்பு விளக்கின் முன்னால் பறக்கும் பூச்சிகளும் மழைத் துளிகளும் அதையே செய்யும்.

ஆகவே பகலில் அளந்த எண்ணை வைத்துத் திட்டமிடக் கூடாது. ஒவ்வொரு கமராவும் கூரையைத் தொடும் என்று வைத்துக் கணக்கிடுவதே பாதுகாப்பானது. இரவு இரைச்சலைக் குறைக்க வழி இருந்தால் அதையும் செய்யலாம். களஞ்சியத்தில் ஒரு சிறிய எல்இடி விளக்கை எரியவிட்டதே அந்தக் கமராவின் படத்தை வெகுவாகத் தெளிவாக்கியது.

எதைக் குறைப்பது

தொலைவிலிருந்து பல கட்டங்களாகப் பார்க்கும்போது செயலிகள் பொதுவாகத் துணை ஓடையையே எடுக்கின்றன. பதிவுக்குப் போவது `Main Stream` எனும் பிரதான ஓடை. கட்டங்கள் உறைகின்றன என்பதற்காகப் பிரதான ஓடையைக் குறைத்தால் இரவுப் பதிவின் தரம் கெடும், உறைதலும் நீங்காது. இந்தத் தவறைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்: பதிவைப் பாழாக்கிவிட்டு, இன்னும் சரியாகவில்லை என்று அழைப்பார்கள்.

மற்றொரு தவறான எண்ணமும் உண்டு. வினாடிக்கு 25 படங்கள் என்பதைப் 8 ஆக்கினாலே பிட்ரேட் மூன்றில் ஒன்றாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இரவில் கூரையைத் தொட்டு நிற்கும் கமராவில் அப்படி நடக்காது. கூரை 512 ஆக இருக்கும்வரை, குறைந்த படங்களுக்குள் அதே 512 ஐப் பங்கிட்டு ஒவ்வொரு படத்தையும் அழகாக்கும், அவ்வளவுதான். அளவைக் கட்டுப்படுத்துவது `Max. Bitrate` மட்டுமே. படங்களின் எண்ணிக்கையும் தெளிவுத்திறனும், அந்த அளவுக்குள் படம் பார்க்கக்கூடியதாக இருக்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. 160 கிலோபிட்டை 25 படங்களுக்குப் பிரித்தால் ஒரு படத்துக்கு 6.4 கிலோபிட் வரும். முகங்கள் கட்டம் கட்டமாக உடையும். அதையே 8 படங்களுக்குப் பிரித்தால் 20 கிலோபிட் வரும். கைப்பேசியின் சிறு கட்டத்தில் யார் நிற்கிறார்கள் என்று அறிய அது போதும். ஆகவே கூரையையும் படங்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே இறக்க வேண்டும்.

அந்தக் கடையில் ஆறு கமராக்களின் துணை ஓடைகளையும் எச்.265 எனும் படச் சுருக்க முறைக்கு மாற்றினேன். எச்.264 முறையைவிட அது அதே தரத்தை ஏறத்தாழ பாதி பிட்ரேட்டில் தரக்கூடியது என்றாலும், சிறிய படங்களில் ஆதாயம் அவ்வளவு வராது; பழைய கைப்பேசியில் படமே திறக்காமல் போகலாம் என்பதால், முதலில் ஒரு கமராவை மாற்றி இருவருடைய கைப்பேசிகளிலும் சோதித்தேன். தெளிவுத்திறன் 640×360, வினாடிக்கு 8 படங்கள். ஒலி காசாளர் மேசையில் மட்டும் தேவைப்பட்டதால் மற்ற ஐந்திலும் அணைத்தேன். ஒரு கமராவுக்கு 64 கிலோபிட் என்பது சிறிதாகத் தோன்றினாலும், 160 கிலோபிட் படத்துக்கு முன்னால் அது பெரிய பங்கு.

முதற்கணக்கில் ஆறுக்கும் 160 கொடுத்தேன். படத்துக்கு 960, ஒலிக்கு 64, மொத்தம் 1024. பத்திலொரு பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 1126 கிலோபிட். இருவர் பார்த்தால் 2252. ஒதுக்கியது 2175. தேவை ஒதுக்கியதைச் சிறிது தாண்டியது. படிக்கட்டும் களஞ்சியமும் அதிகம் அசைவில்லாத இடங்கள் என்பதால் அவ்விரண்டையும் 128 க்கு இறக்கினேன். இப்போது நான்கு கமராக்களுக்கு 640, இரண்டுக்கு 256, ஒலிக்கு 64 எனக் கூட்டினால் 960, மேலதிகச் செலவுடன் 1056, இருவருக்கு 2112. பொருந்தியது.

`I Frame Interval` என்ற எண்ணை இங்கே மறந்துவிடக் கூடாது. முழுப் படமொன்றை எத்தனை படங்களுக்கு ஒரு தடவை அனுப்புவது என்பதை அது சொல்கிறது. 25 படங்களில் ஓடியபோது 50 ஆக இருந்தால், இரண்டு வினாடிக்கு ஒரு முழுப்படம் வரும். 8 படங்களாக இறக்கிவிட்டு 50 ஐ அப்படியே விட்டால், ஆறு வினாடிக்கு ஒரு தடவைதான் வரும். செயலியைத் திறந்ததும் கட்டம் ஆறு வினாடிவரை கறுப்பாக நிற்கக்கூடும். அதைப் பார்ப்பவர் பிட்ரேட்டைக் குறைத்ததால் இணைப்பு கெட்டுவிட்டது என்று நினைப்பார். 16 என்று வைத்தேன். மீண்டும் இரண்டு வினாடி ஆனது. அதற்கும் கீழே இறக்கினால் முழுப்படங்களே இருக்கிற பிட்டுகளைத் தின்றுவிடும்.

மாற்றிய பின் இரவு ஏழு மணிக்கு இருவரையும் ஆறு கட்டங்களையும் திறந்துவைக்கச் சொல்லி, ஐந்து நிமிடம் மீண்டும் அளந்தேன். 76 மெகாபைட் போயிருந்தது; 2.03 மெகாபிட். படம் உறையவில்லை.

அறிகுறி: யாராவது கமராவைப் பார்த்தால் கடையின் இணையம் முழுவதும் மந்தமாகிறது

பதிவேற்றம் நிரம்பினால் பதிவிறக்கமும் மெதுவாகும். கணினி ஒரு பக்கத்தை இறக்கும்போது, பெற்ற ஒவ்வொரு பகுதிக்கும் பெற்றுக்கொண்டேன் என்ற சிறு பதிலை மேலே அனுப்ப வேண்டும். அந்தப் பதில்கள் கமராப் படங்களின் பின்னால் ரவுட்டரின் வரிசையில் காத்து நிற்கின்றன. கண்டறிவது எளிது, கமராக்கள் மூடியிருக்கும்போது ஒரு தடவையும், இருவர் பார்க்கும்போது ஒரு தடவையும் கடைக் கணினியில் இதை ஓட்டுங்கள்:

```
ping -n 50 8.8.8.8
```

அந்தக் கடையில் மூடியிருந்தபோது பதில் திரும்பிவர எடுத்த நேரம் சராசரி 45 மில்லிவினாடி. பழைய அமைப்பில் பார்க்கும்போது 1400 ஐத் தாண்டியது. அட்டை இயந்திரம் இடையிடையே தொடர்பை இழந்ததும் இதனால்தான். பிட்ரேட்டைப் பொருத்திய பின் இருவர் பார்க்கும்போதும் 70 ஐச் சுற்றியே நின்றது. பார்ப்பவர் படம் உறையவில்லை என்று சொன்னாலும், இந்த எண் பல மடங்காக ஏறினால் இன்னும் இறக்க வேண்டும் என்று பொருள்.

அறிகுறி: கட்டங்கள் ஓடுகின்றன; ஒன்றைப் பெரிதாக்கினால் உறைகிறது

ஒரு கட்டத்தை இரு தடவை தட்டிப் பெரிதாக்கினால் சில செயலிகள் தாமாகவே பிரதான ஓடைக்கு மாறும். அந்தக் கடையில் அது எச்.264 முறையில் 4096 கிலோபிட். மேலதிகச் செலவுடன் 4.5 மெகாபிட். இரவு இணைப்பில் அதற்கு இடமே இல்லை. செயலியின் அமைப்பில் பெரிதாக்கும்போதும் துணை ஓடையையே வைத்திருக்கும் தெரிவு இருந்தால் அதை இட்டுவிடுவதே முதல் வேலை.

காசாளர் மேசையையும் வாசலையும் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று முதலாளி வற்புறுத்தினார். அது நியாயமான தேவைதான். அந்த இரண்டு கமராக்களின் பிரதான ஓடையை மட்டும் எச்.265, 12 படங்கள், 1792 கிலோபிட் என்று மாற்றினேன். மேலதிகச் செலவுடன் ஏறத்தாழ 1.97 மெகாபிட். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அதே மேசையில் தாள்களை எண்ணுவதைப் பதிவுசெய்து, நோட்டின் மதிப்பும் எண்ணுபவரின் முகமும் திரையில் அடையாளம் தெரிகின்றனவா என்று ஒப்பிட்ட பின்னரே அந்த அமைப்பை விட்டுவந்தேன். பகலில் மட்டும் ஒப்பிட்டால் போதாது; இரவுப் பதிவையும் பார்க்க வேண்டும். இதற்கும் ஓர் எல்லை உண்டு: ஒருவர் இப்படிப் பெரிதாக்கிப் பார்க்கும் நேரத்தில் மற்றவர் ஆறு கட்டங்களைத் திறந்தால் 3 மெகாபிட்டைத் தாண்டும், இருவரில் ஒருவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

பழைய பதிவுகளைத் தொலைவிலிருந்து ஓட்டிப் பார்ப்பதும் இதே வகை. அவை பதிவான நாளின் பிட்ரேட்டிலேயே வட்டில் இருப்பதால், இன்று செய்த மாற்றம் நேற்றைய பதிவை இலகுவாக்காது. வேண்டிய இரண்டு நிமிடத்தைத் துண்டாகக் கைப்பேசிக்கு இறக்கிக்கொள்வது நல்லது; மெதுவாக இறங்கினாலும் முழுமையாக இறங்கும்.

அறிகுறி: மாத நடுவிலேயே டேட்டா முடிந்துவிடுகிறது

ஒரு மெகாபிட் ஓடை ஒரு மணி நேரத்தில் 0.45 கிகாபைட் எடுக்கும். பொருத்திய பின் ஒருவர் ஆறு கட்டங்களைப் பார்ப்பது 1.056 மெகாபிட்; மணிக்கு ஏறத்தாழ 0.48 கிகாபைட். நாளொன்றுக்கு அரை மணி நேரம் பார்ப்பவருக்கு இது மாதம் 7 கிகாபைட்தான். ஆனால் வெள்ளவத்தை வீட்டில் ஒரு டேப்லட்டைச் சுவரில் மாட்டி, காலை முதல் மாலை வரை பத்து மணி நேரம் ஓடவிட்டிருந்தார்கள். புதிய அமைப்பிலும் அது மாதம் 140 கிகாபைட்டைத் தாண்டும். பதிவேற்றமும் கணக்கில் சேரும் திட்டங்களில் கடையின் டேட்டாவும், அதைப் பார்க்கும் வீட்டின் டேட்டாவும் ஒன்றாகக் கரையும். அந்த டேப்லட்டில் வாசல் கமரா ஒன்றை மட்டும் விட்டோம். 160 கிலோபிட் ஓடை, பத்து மணி நேரம், முப்பது நாள் என்றால் மேலதிகச் செலவுடன் ஏறத்தாழ 24 கிகாபைட்.

அறிகுறி: பிட்ரேட்டைக் குறைத்தும் எதுவும் மாறவில்லை

படம் உறையும் நேரத்தில் ரவுட்டரின் கணக்கை மீண்டும் ஐந்து நிமிடம் அளந்து பாருங்கள். எண் பழையபடியே உயர்ந்திருந்தால், மாற்றம் கமராவைச் சென்றடையவில்லை, அல்லது செயலி இன்னும் `HD` இல், அதாவது பிரதான ஓடையில், நிற்கிறது. பதிவுக் கருவி தன்னிடமுள்ள அமைப்பைக் கமராவின் மேல் மீண்டும் எழுதிவிடுவதும் உண்டு. ஆகவே கமராவின் பக்கத்தில் மாற்றாமல், பதிவுக் கருவியின் பட்டியலிலேயே மாற்றி, கருவியை மீள இயக்கிய பின் எண்கள் நிலைத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

எண் குறைந்து, இணைப்பில் இடம் மீதியிருந்து, `ping` உம் ஏறாமல், படம் மட்டும் உறைந்தால், தடை கடையில் இல்லை. பார்ப்பவரின் மொபைல் டேட்டா மெலிந்திருக்கலாம். வேறொரு இணைப்பில் திறந்து பார்த்தால் தெரியும். அதுவும் இல்லையென்றால், 4ஜி இணைப்புகளில் கைப்பேசியும் பதிவுக் கருவியும் நேரடியாக இணைய முடியாமல், கமராத் தயாரிப்பாளரின் இடைநிலைச் சேவையகம் வழியாகப் படம் சுற்றிவரலாம். அந்தச் சேவையகம் தரும் வேகம் கடையின் வேகத்தைச் சார்ந்ததல்ல. அந்த நிலையில் ஆறு கட்டங்களுக்குப் பதிலாக மூன்று மூன்றாகத் திறந்து பார்ப்பது உதவும். கமராவின் அமைப்பை மேலும் இறக்குவதற்கு முன் அதைச் செய்து பாருங்கள்.